இரும்புச் சட்டத்தில் மரப்பலகை: நீள்துளை இரும்பிலா, மரத்திலா?

சேலத்தில் 3 மீட்டர் அகலக் கேட்டுக்கு இரும்புச் சட்டம் அடித்து, அதில் தேக்குப் பலகைகளைப் படுக்கையாகப் பூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விடிகாலையில் 25 டிகிரியில் இருக்கும் இரும்பு, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் உச்சி வெயிலில் 65 டிகிரியைத் தொட்டுவிடும். அந்த 40 டிகிரிக்குச் சட்டம் சுமார் 1.4 மில்லிமீட்டர் நீளும். பலகை நீளவாக்கில் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. நடுப் போல்ட்டை மட்டும் அசையாமல் இறுக்கினால், இரு முனையிலும் அரை மில்லிமீட்டர் இழுபறி மிஞ்சும். 6 மில்லி போல்ட்டுக்கு 7 மில்லி வட்டத்துளை போட்டால் கிடைக்கும் இடைவெளியும் பக்கத்துக்கு அதே அரை மில்லிதான். துளை கொஞ்சம் விலகி விழுந்தாலே அதுவும் போயிற்று. அதனால்தான் நீள்துளை தேவைப்படுகிறது.

அதை மரத்தில் போட்டால், தலை மரத்துக்குள் சமமாகப் பதியும் சிஎஸ்கே போல்ட் ஒத்துவராது. அதன் தலை கூம்பு. குழிக்குள் தானாகவே நடுவில் போய் உட்கார்ந்துவிடும், பக்கவாட்டில் நகராது. நகர்த்தினால் குழியின் விளிம்பை ஆப்பு போலப் பிளக்கும். மரத்தில்தான் நீள்துளை என்றால் தட்டைத்தலைப் போல்ட்டும் அகல வாஷரும் வேண்டும். முகம் சமமாக இருக்காது, மழைநீர் துளைக்குள் தேங்கும். ஏற்காட்டு மழைக்கு அது மரத்தை அழுக வைக்கும் ஏற்பாடு. சட்டத்தில் ஏற்கெனவே மரை போட்ட துளைகள் இருந்து, வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைச் செய்யலாம்.

என் தேர்வு மற்றது: மரத்தில் இறுக்கமான வட்டத்துளையும் சிஎஸ்கே தலையும், இரும்பில் 7க்கு 14 மில்லி நீள்துளை, பின்னால் தடித்த வாஷரும் நைலாக் நட்டும். போல்ட் மரத்தோடு சேர்ந்து நகரும், வாஷர் இரும்பின் மேல் வழுக்கும். நட்டைப் பலகை பதியும் வரை இறுக்கி, கால் சுற்று தளர்த்த வேண்டும். முழுக்க இறுக்கினால் உராய்வே பிடித்துக்கொள்ளும். நீள்துளை இருந்தும் இல்லாதது போலத்தான். பாக்ஸ் பைப்பில் நேராகத் துளைக்காமல் ஆங்கிள் துண்டு வெல்டிங் வைத்து அதில் துளையிட்டால் நட்டுக்குக் கை போகும். இரண்டு துளை போட்டு நடுவை அரத்தால் ராவினால் போதும். பவுடர் கோட்டிங் முடிந்ததும் துளைக்குள் அடைத்த பூச்சை மறக்காமல் சுரண்ட வேண்டும்.

ஏற்காட்டில் துளையின் திசை மாறும். அங்கே பனிமூட்டத்தின் ஈரம் வெயிலைவிடப் பெரிய ஆள். மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறினால் 200 மில்லி அகலத் தேக்குப் பலகை, அகலவாக்கில் சுமார் ஒன்றரை மில்லி உப்பும். அகலத்தில் இரண்டு போல்ட் இருந்தால் ஒன்றுக்கு நீளவாக்கில் மட்டும் நீள்துளை. இன்னொன்றுக்கு அகலவாக்கிலும் இடம் விட்டு, பெரிய வட்டத்துளையும் அதை மூடும் வாஷரும்.

முதல் கோடை முடிந்ததும் ஒரு வாஷரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் பளபளப்பான கீறல் இருந்தால் சட்டம் நகர்கிறது. கீறல் இல்லாமல், முனைப் போல்ட் தலையிலிருந்து மரநாரோடு மெல்லிய விரிசல் ஓடினால் நட்டைத் தளர்த்துங்கள்.