நிலுவை வழக்கு: ஒதுக்கா, குறிப்பா?

நிறுவனத்தின் மீது வழக்கு நிலுவையில் இருந்தால் கணக்கில் அதை எப்படிக் காட்டுவது? இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 37 முதலில் கேட்பது, நடந்துமுடிந்த ஒரு நிகழ்வால் இப்போதே கடப்பாடு இருக்கிறதா என்பதை. இருந்து, பணம் வெளியேற 50 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பும் நம்பகமான மதிப்பீடும் இருந்தால் ஒதுக்கு வைக்க வேண்டும், அதாவது அந்தத் தொகையை இப்போதே செலவாகவும் பொறுப்பாகவும் பதிய வேண்டும். லாபம் அந்த ஆண்டே குறையும். வாய்ப்பு அதைவிடக் குறைவென்றால், நேரிடக்கூடிய பொறுப்பாக நிதிநிலை அறிக்கையின் குறிப்பில் சொன்னால் போதும். மிக அரிது என்றால் எதுவும் வேண்டாம்.

பழுதான இயந்திரம் விற்றதாக ஒரு வாடிக்கையாளர் 40 லட்சம் ரூபாய் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோற்க 70 சதவீத வாய்ப்பு, தோற்றால் பெரும்பாலும் 25 லட்சம் என்கிறார் வழக்கறிஞர். இங்கே பலர் 25-ஐ 70 சதவீதத்தால் பெருக்கி 17.5 லட்சம் எழுதிவிடுகிறார்கள். அது தவறு: எந்தத் தீர்ப்பிலும் அந்தத் தொகை வரப்போவதில்லை. ஒற்றை வழக்குக்கு, நடக்க அதிக வாய்ப்புள்ள தொகையான 25 லட்சமே பொதுவாகச் சரியான ஒதுக்கு. தோற்கும் வாய்ப்பு 30 சதவீதமாக இருந்திருந்தால் ஒதுக்கு கிடையாது. வழக்கின் தன்மையும் உத்தேசத் தொகையும் குறிப்பில் வரும்.

காப்பீட்டுத் தொகையை ஒதுக்கில் கழிக்கக் கூடாது. வருவது ஏறக்குறைய உறுதியானால் மட்டும் தனிச் சொத்தாகக் காட்டலாம்.

மார்ச் 31-க்குப் பிறகு, கணக்குகளுக்கு ஒப்புதல் கிடைக்கும் முன் தீர்ப்பு வந்தால், அதற்கேற்ப அந்த ஆண்டுக் கணக்கையே திருத்த வேண்டும்.