“குழந்தை எப்போம்மா?” என்று நேர்காணலில் கேட்டால்: எந்தப் பதில் எடுபடும்?

திருமணமாகி எட்டு மாதமான ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 29. கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் சீனியர் அக்கவுண்டன்ட் வேலைக்கு நேர்காணல். கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் கேட்டு முடித்ததும் மேலாளர் சாதாரணமாகக் கேட்கிறார்: “கல்யாணம் ஆயிடுச்சுல்ல? குழந்தை பத்தி ஏதாவது யோசனை இருக்காம்மா?”

உள்ளதை அப்படியே சொல்லலாம், சொல்ல மறுக்கலாம், கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலைக்கு மட்டும் பதில் தரலாம். எது எடுபடும் என்பது, அவர் ஏன் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலும் அது பணக் கணக்கு. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐயில் வந்தால் அந்தத் தொகையை இஎஸ்ஐ கொடுத்துவிடும். அதைத் தாண்டினால் நிறுவனமே கொடுக்க வேண்டும். அதற்காக இந்தக் கேள்வி நியாயமாகிவிடாது. ஆளெடுப்பில் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976 முதலே சட்டம். ஆனால் தனியார் நேர்காணலில் இப்படிக் கேட்பதையே நேரடியாகத் தடுக்கும் விதி இல்லை. 1991இல் எல்ஐசி வழக்கு ஒன்றில், வேலைக்கு வரும் பெண்களிடம் மாதவிடாய், கர்ப்பம் பற்றிக் கேட்ட பகுதிகளைப் படிவத்திலிருந்து நீக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுத்தில் கேட்டதால் அது சிக்கியது. வாய்வார்த்தையாகக் கேட்டதை நிரூபிப்பது கடினம்.

உள்ளதைச் சொன்னால் அறையில் இறுக்கம் வராது. சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது. “இப்போதைக்கு இல்ல சார்” என்றால் “அப்போ எப்போ?” என்று வரும். அதற்குப் பயந்து “ரெண்டு வருஷம் கண்டிப்பா கிடையாது” என்று சொல்லிவிடுகிறார்கள். அதை மட்டும் சொல்லவே கூடாது என்பேன். சட்டப்படி அந்த வாக்கு உங்கள் உரிமையைப் பறிக்காது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் விடுப்பு உங்களுடையது. ஆனாலும் அதைக் கேட்கும் நாளில் “அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே” என்ற பேச்சைத் தாங்க வேண்டியிருக்கும்.

மறுப்பதில் உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் எச்.ஆரிடம் அது எடுபடவும் செய்யும், அவருக்கே இது கேட்கக் கூடாத கேள்வி என்று தெரியும். முதலாளியே எதிரில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் “இதுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் சார்?” என்றால், பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் முதல் தடவை கேட்கும்போது மூன்றாவது வழியையே தேர்ந்தெடுப்பேன். நம் அக்கவுண்டன்ட் இப்படிச் சொல்லலாம்: “வேலை நடுவுல நின்னுடுமோங்கிறது உங்க கவலைன்னா, அதுக்குப் பதில் சொல்றேன் சார். மாசம் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, செப்டம்பர்ல டாக்ஸ் ஆடிட், ரெண்டும் இப்போ என் பொறுப்புதான். ஒண்ணுகூட லேட் ஆனதில்லை. நான் லீவுல போனாலும் அடுத்தவர் எடுத்துச் செய்யற மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் செக்லிஸ்ட் வெச்சிருக்கேன். இங்க மாசக் கணக்கு எத்தனாம் தேதி முடிப்பீங்க?”

இதில் பொய் இல்லை, வாக்குறுதியும் இல்லை. கடைசிக் கேள்விதான் முக்கியம். அது பேச்சை வேலைக்கே திருப்பிவிடுகிறது. உங்கள் துறையில் தேதி தவறக் கூடாத வேலை எது என்று முன்கூட்டியே யோசித்து வைத்தால்தான் இது தடுமாறாமல் வரும். வயது பற்றிய கேள்விக்கும் இதே வழிதான். “டீம்ல எல்லாரும் சின்னப் பசங்க” என்றால், உங்களைவிட இளைய மேலாளரிடம் வேலை பார்த்த ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகும் “அது சரி, குழந்தை?” என்று விடாமல் கேட்டால், அப்போது மறுக்கலாம்: “அது எங்க வீட்டு விஷயம் சார், வேலைக்குக் குறுக்கே வராம பாத்துக்குவேன்.” சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அதற்குமேலும் தோண்டுகிற மேலாளர், நாளை நீங்கள் விடுப்புக் கேட்கும்போது எப்படி நடந்துகொள்வார் என்பதை யோசித்துத்தான் அந்த வேலையை எடுக்க வேண்டும்.

திருமணமாகவில்லை என்று பொய் சொல்வது உதவாது. வேலையில் சேர்ந்ததுமே பிஎஃப் படிவமும் குழுக் காப்பீடும் திருமண விவரத்தைக் கேட்கும். அங்கே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது, உண்மையைத்தான் எழுத வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியதையும் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு, கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: குழுக் காப்பீட்டில் பிரசவச் செலவு அடங்குமா, அதற்குக் காத்திருப்புக் காலம் உண்டா, விடுப்பு விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா. பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.