செக்குல ரூபாயை எழுத்தாக்குற மேக்ரோ, ஆறு வருஷம் ஓட்டினதுல நான் பார்த்தது

ஈரோட்டுல ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில கணக்கு பாக்குறேன். வாரத்துக்கு பதினஞ்சு இருபது செக் போகும், நூல்காரங்க, பிராசஸிங், பிரிண்டிங் ஜாப் ஒர்க், லாரி வாடகைன்னு. முன்னாடி எல்லாம் கையில எழுதிட்டு இருந்தோம், முதலாளி கையெழுத்து போட உக்காந்தாருன்னா அவரே ஒவ்வொண்ணா வாய்விட்டு படிச்சு பார்ப்பாரு. ஆறு வருஷம் முன்னாடி செக்கை பிரிண்டர்ல அடிக்க ஆரம்பிச்சப்போ எக்ஸெல்லுக்கு ஒரு மேக்ரோ தேவைப்பட்டுச்சு, தொகையைக் குடுத்தா எழுத்துல மாத்தித் தர மாதிரி.

முதல்ல எல்லாரும் பண்றதையே நானும் பண்ணேன். மைக்ரோசாஃப்ட் உதவிப் பக்கத்துல இருக்குற SpellNumber-ஐ எடுத்துப் போட்டு, டாலர் இருந்த இடத்துல ரூபாய், சென்ட் இருந்த இடத்துல பைசான்னு மாத்தினேன். 1,18,236-ஐ நூத்திப் பதினெட்டு ஆயிரம்னு சொல்லுச்சு, 25 லட்சத்தை ரெண்டு மில்லியன் ஐநூறு ஆயிரம்னு சொல்லுச்சு. அது எண்ணை மூணு மூணு இலக்கமா வெட்டுது, நமக்கு கடைசி மூணு மட்டும்தான் மூணு, அதுக்கு மேல எல்லாம் ரெண்டு ரெண்டு. பேரை மாத்துனா போதாது, வெட்டுற இடத்தையே மாத்தணும். அதுக்குள்ள ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை செய்யுற நண்பர் ஒருத்தர் லட்சம் கோடி எல்லாம் வர்ற மேக்ரோ ஒண்ணு குடுத்தாரு, ஒரு வருஷம் போல அதைத்தான் ஓட்டினேன். லட்சம் கோடியில ஒரு நாளும் அது தப்பு பண்ணல, அதை சொல்லிடறேன். மாட்டிக்கிட்டது பைசாவுல.

ஒரு நாள் பேங்க்ல இருந்து ஒரு செக் திரும்பி வந்துச்சு, எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகலன்னு. கட்டத்துக்குள்ள 1,18,236.40ன்னு அடிச்சிருக்கு, எழுத்துல இப்படி இருக்கு:

```
One Lakh Eighteen Thousand Two Hundred Thirty Six and Thirty Nine Paise Only
```

ஒரு பைசா வித்தியாசம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 18 எழுத்துல இருக்குற தொகைதான் செல்லும்னு சொல்லுது, ஆனா கவுன்ட்டர்ல நின்னு சட்டம் பேசி என்ன ஆகப்போகுது, நடைமுறையில திருப்பிதான் அனுப்புறாங்க. செக்கோட படத்தை வச்சே கிளியரிங் பண்ற சிடிஎஸ் முறைக்கு 2010ல வந்த விதிகளுக்கு அப்புறம் செக்குல அடிச்சுத் திருத்தி பக்கத்துல கையெழுத்துப் போடுற பழக்கமும் கிடையாது, தேதியைப் புதுப்பிக்கிறது தவிர வேற என்ன திருத்தணும்னாலும் புது லீஃப் தான். சப்ளையர்கிட்ட சமாதானம் சொல்லி, முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, சாயங்காலம் உக்காந்து மேக்ரோவைத் திறந்து பார்த்தேன். பைசாவை எடுக்குற வரி இதான்:

```vba
paise = Int((amt - Int(amt)) * 100)
```

பார்க்க நல்லாதான் இருக்கு, முழு எண்ணைக் கழிச்சு மிச்சத்தை நூறால பெருக்குது. பிரச்சனை என்னன்னா கம்ப்யூட்டர் 118236.40-ஐ ரெண்டடிமான எண்ணாதான் வச்சிருக்கு, அதுல .40ங்கிறது துல்லியமா நிக்காது, ஒரு மயிரிழை கம்மியா நிக்குது. கழிச்சு நூறால பெருக்கினா 39.9999ன்னு போகும், Int அதை மேல தூக்காது, அப்படியே வெட்டி 39 ஆக்கிடும். கொடுமை என்னன்னா எல்லா தொகையிலயும் இது நடக்காது. 1,18,236.60 போட்டா சரியா 60 வரும். 1,18,236.20 போட்டா 19 வரும், அதே இருபது பைசா 1,50,000.20ல சரியா 20 வரும். அதனாலதான் நான் ஆரம்பத்துல பத்து பதினஞ்சு தொகை போட்டு சோதிச்சப்போ ஒண்ணும் தெரியல. உங்ககிட்ட இருக்குற மேக்ரோவுல இந்த நோய் இருக்கான்னு பார்க்கணும்னா 118236.40 போட்டுப் பாருங்க, முப்பத்தொன்பதுன்னு வந்தா இருக்குன்னு அர்த்தம்.

இதைச் சரி பண்ணதுக்கு அப்புறமும் இன்னொரு தடவை வந்துச்சு, இந்தத் தடவை கையெழுத்துக்குப் போறதுக்கு முன்னாடியே நான் பிடிச்சுட்டேன். பிரிண்டிங் ஜாப் ஒர்க் பண்றவருக்கு 99,763.13 பில், 1 சதவீதம் டிடிஎஸ் கழிச்சா 98,765.4987. எக்ஸெல் செல்லுல ரெண்டு தசமம்னு ஃபார்மேட் வச்சிருக்கேன், அதனால கண்ணுக்கு 98,765.50ன்னு தெரியுது, ஆனா உள்ள இருக்குறது என்னவோ .4987 தான். கட்டத்துக்குள்ள அடிக்கிற எண் செல்லுல கண்ணுக்குத் தெரியுறதை எடுத்துக்குது, எழுத்து உள்ள இருக்குறதை எடுத்து வெட்டுது, ஒண்ணு ஐம்பது பைசா ஒண்ணு நாப்பத்தொன்பது. டிடிஎஸ் ஃபார்முலாவுல ROUND போட்டிருக்கணும், போடல, அது என் தப்புதான்.

அப்போதான் எனக்கு உறைச்சுச்சு. ரெண்டு தடவையும் எழுத்து ஒரு இடத்துல இருந்து வருது, எண் வேற இடத்துல இருந்து வருது. ரெண்டும் ஒரே தாய் வயித்துல இருந்து வந்தா சண்டையே இல்ல. அதனால மேக்ரோவோட முதல் வேலையா தொகையை ரெண்டு தசமத்துக்கு ரவுண்ட் பண்ணி ஒரு சரமா ஆக்கிடறேன், அதுக்கப்புறம் கணக்கே கிடையாது, வெறும் வெட்டுற வேலைதான்:

```vba
t = Format(CDec(amt), "0.00")
r = Left(t, Len(t) - 3)
p = Right(t, 2)
If Len(r) > 9 Then RsWords = "CHECK AMOUNT": Exit Function
r = Right("000000000" & r, 9)
s = W(Mid(r, 1, 2), " Crore ") & W(Mid(r, 3, 2), " Lakh ") & _
    W(Mid(r, 5, 2), " Thousand ") & W(Mid(r, 7, 1), " Hundred ") & _
    W(Mid(r, 8, 2), "")
```

W ங்கிறது சின்ன ஃபங்ஷன், ஒண்ணுல இருந்து தொண்ணூத்தொன்பது வரைக்கும் பேர் எடுத்துத் தரும், பூஜ்யம் வந்தா அலகுப் பேரையும் சேர்த்தே முழுங்கிடும். அப்படி முழுங்கலன்னா 1,00,500 போட்டா லட்சத்துக்கும் ஐநூறுக்கும் நடுவுல சும்மா ஒரு தௌசண்ட் வந்து உக்காந்துக்கும். கட்டத்துக்குள்ள அடிக்கிற எண்ணும் இப்போ இதே t-ல இருந்துதான், கமா மட்டும் நானே போட்டுக்கிறேன். இதுல இன்னொரு நல்லதும் நடந்துச்சு: முன்னாடி செல்லுல தெரியுறதை அப்படியே குடுக்குற Range.Text-ல இருந்து எடுத்துட்டு இருந்தப்போ யாரோ நெடுவரிசையோட அகலத்தைச் சுருக்கி வச்சுட்டாங்க, தொகைக் கட்டத்துல ######## ன்னு அடிச்சு ஒரு லீஃப் போச்சு. முதலாளி அதை எடுத்து மேஜை கண்ணாடிக்கு அடியில வச்சுட்டாரு, இன்னும் இருக்கு.

அந்த Len வரி எதுக்குன்னு கேட்கலாம், நம்ம கடையில நூறு கோடிக்கு யார் செக் எழுதப்போறான்னு. எழுத மாட்டோம், ஆனா அந்த வரி இல்லாம இருந்தா பத்து இலக்கம் வந்தா முதல் இலக்கத்தை சத்தமே இல்லாம வெட்டிட்டு மீதியை அழகா எழுதிக் குடுக்கும், தப்புன்னே தெரியாது. ஒரு தடவை தொகையோட செக் நம்பரும் ஒட்டிக்கிட்டு பேஸ்ட் ஆனப்போ இந்த வரிதான் காப்பாத்துச்சு.

காகிதத்துல அடிக்கிற விஷயத்துல ரெண்டே ரெண்டு சொல்றேன். லீஃப் 202 மில்லிமீட்டருக்கு 92, எழுத்துக்கு ரெண்டு கோடு, முதல் கோட்டுல ரூபாய்ங்கிற சொல்லை பேங்க்காரங்களே அச்சடிச்சிருப்பாங்க, மேக்ரோவும் ரூபீஸ்னு ஆரம்பிச்சா ரெண்டு தடவை வரும், எடுத்துடுங்க. லட்சத்துல எழுபத்தேழு எழுபத்தேழா வர்ற தொகை எல்லாம் முதல் கோட்டுல அடங்காது, சொல்லுக்கு நடுவுல உடையாம இடைவெளி பார்த்து உடைக்கணும், மிச்ச இடத்தை நட்சத்திரக் குறி போட்டு அடைச்சுடணும். அப்புறம் 2022க்கு மேல மெயில்ல வந்த ஃபைல்ல மேக்ரோவை ஆபீஸே தடுத்துடுது, எழுத்து வர வேண்டிய செல்லுல #NAME? ன்னு நிக்கும், மேக்ரோ கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க, ஃபைல் பண்புகள்ல போய் அன்பிளாக் பண்ணா போதும்.

போன வருஷம் முதலாளி கூலி வவுச்சர்ல தமிழ்ல வரணும்னுட்டாரு, லோடுமேன் அண்ணன்கள் படிச்சுப் பார்த்து கையெழுத்து போடணும்னு. செக்கையே தமிழ்ல எழுதலாம், பிராந்திய மொழியில எழுதுனா பேங்க் ஏத்துக்கும், ஆனா நாங்க வவுச்சரோட நிறுத்திக்கிட்டோம். இது சுலபம்னு நினைச்சு இங்கிலீஷ் பேருக்கு பதிலா தமிழ்ப் பேர் போட்டேன். 900க்கு ஒன்பது நூறுன்னு வந்துச்சு, 1,18,236க்கு ஒன்று லட்சம் பதினெட்டு ஆயிரம் இரண்டு நூறு முப்பத்தாறுன்னு வந்துச்சு. படிச்ச அண்ணன் ஒருத்தர், என்ன தம்பி வெள்ளைக்காரன் சொல்ற மாதிரி இருக்குன்னுட்டாரு.

இங்கிலீஷ்ல ஒவ்வொரு துண்டும் தனித்தனியா நிக்கும், பக்கத்துல என்ன வருதுன்னு அதுக்குக் கவலை இல்ல. தமிழ்ல பின்னாடி ஏதாவது வந்தா முன்னாடி இருக்குறது வளையும். பின்னால ஒண்ணும் இல்லன்னா லட்சம், இருந்தா லட்சத்து. ஆயிரம், ஆயிரத்து. இருநூறு, இருநூற்று. தொள்ளாயிரம் நூறு வரிசையில இருந்தாலும் ஆயிரம் மாதிரி தொள்ளாயிரத்துன்னு போகும். ஆயிரத்துக்கு முன்னாடி வர்ற எண்ணும் ஒட்டிக்கும், பதினெட்டாயிரம், இருபத்தோராயிரம். இதுக்கெல்லாம் விதி எழுதப்போய் ரெண்டு ராத்திரி போச்சு, கடைசியில விதியை விட்டுட்டு அட்டவணை போட்டுட்டேன்: 99 வரிசை, ஒரு நெடுவரிசையில தனியா நிக்குற பேர், அடுத்ததுல லட்சத்துக்கு முன்னாடி வர்ற பேர், அதுக்கடுத்ததுல ஆயிரத்தோட ஒட்டின பேர். நூறுகளுக்கு தனியா ஒன்பது வரிசை, நேர் வடிவமும் வளைஞ்ச வடிவமும். மேக்ரோ பின்னாடி பூஜ்யமா இல்லையான்னு மட்டும் பார்த்து எந்த நெடுவரிசைன்னு எடுத்துக்கும். அட்டவணையை ஷீட்லயே வச்சேன், ஏன்னா விபிஏ எடிட்டர்ல தமிழ் தட்டினா வெறும் கேள்விக்குறிதான் நிக்கும்.

இப்போ அதே தொகைக்கு இப்படி வருது:

```
ஒரு லட்சத்து பதினெட்டாயிரத்து இருநூற்று முப்பத்தாறு ரூபாய் நாற்பது பைசா மட்டும்
```

முதலாளியோட பொண்ணு தமிழ் எம்.ஏ. படிக்குது, லட்சத்துக்கு அப்புறம் ப் வரணும்னு பேனாவால சுழிச்சு அனுப்பியிருக்கு. அடுத்து க, ச, த, ப-வுல ஆரம்பிச்சா ஒற்று போடுன்னு இன்னொரு வரி சேர்க்கணும், இந்த மாசக் கணக்கு முடியட்டும்னு வச்சிருக்கேன்.