மாற்றம் எங்கே என்று Compare காட்டும், எங்கே காட்டாது: இலை ஒப்பந்தங்களோடு சில வருஷம்

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றுக்குக் கணக்கும் காகிதமும் பார்த்துக்கொடுப்பது என் வேலை. தொழிற்சாலையோடு போடும் பச்சை இலை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் நாலைந்து முறை அங்கும் இங்கும் போய்வரும். திரும்பி வரும் ஒவ்வொரு வரைவையும் வேர்டில் இருக்கும் Compare வசதியில் போட்டுப் பார்க்காமல் நான் சரி சொல்வதில்லை. சில வருஷமாக இதே பழக்கம். அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். திருத்துவதையெல்லாம் சிவப்பில் குறித்துவைக்கும் Track Changes இருக்கும்போது இது எதற்கு? Track Changes எதிர்த்தரப்பு அதைப் போட்டுவைத்திருந்தால்தான் காட்டும். இரண்டு இடத்தில் சிவப்பில் திருத்திவிட்டு, அதை அணைத்துவிட்டு மூன்றாவது இடத்தைத் திருத்தினால், மூன்றாவது திருத்தம் ஏற்கெனவே இருந்த வரி மாதிரிதான் தெரியும். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. டைப் செய்கிறவர் ஒருவர், அனுப்புகிறவர் வேறொருவர் என்றால் தானாகவே நடந்துவிடும். Compare யார் என்ன குறித்தார்கள் என்று கேட்பதில்லை. இரண்டு கோப்பின் எழுத்தையும் எடுத்து நேருக்கு நேர் வைத்துப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

செய்முறை சுலபம். Review பட்டியில் Compare, அதற்குள் மறுபடியும் Compare. Original document இடத்தில் பழையது, Revised document இடத்தில் புதியது. இடம் மாறிப்போனால் சேர்த்ததெல்லாம் நீக்கியதாகத் தெரியும், அதனால் இதில் மட்டும் கவனம் வேண்டும். More பொத்தானை அமுக்கி Formatting, White space இரண்டையும் எடுத்துவிடுவேன். இல்லாவிட்டால் எழுத்துரு அளவு மாறியதெல்லாம் வந்து குவிந்து, பார்க்க வேண்டியது அதற்குள் புதைந்துபோகும். Word level என்பதை அப்படியே விடுங்கள். Character level வைத்தால் தமிழில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிய்ந்து, படிக்கவே முடியாது. விடை New document-இல் வரட்டும், மூலக் கோப்புகள் இரண்டும் கைபடாமல் இருக்கும்.

பழையது என்று எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நேற்று வந்ததையும் இன்று வந்ததையும் ஒப்பிட்டால் இன்றைய மாற்றம் மட்டும் தெரியும். நான் எப்போதும் கொடுப்பது, குழுக் கூட்டத்தில் படித்து எல்லோரும் ஒத்துக்கொண்ட கடைசிப் பிரதியை. நடுவில் எத்தனை வரைவு வந்து போனாலும் அந்த ஒன்றோடுதான் ஒப்பீடு. அதற்குத் தேதி போட்டுத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன், யாரும் அதில் கைவைப்பதில்லை.

போன முறை வந்த வரைவைச் சொன்னால் எல்லாம் புரியும். “எழுத்துப்பிழை மட்டும் பாத்திருக்கோம்ணே, இலை ஏத்த வண்டி பத்தி ஒரு பாரா சேத்திருக்கோம், உங்களுக்குச் சாதகமானதுதான்” என்று தொழிற்சாலை அலுவலகத் தம்பி போனில் சொன்னார். ஒப்பீட்டில் அந்தப் பாரா சிவப்பில் இருந்தது. எழுத்துப்பிழைகளும் உண்மையாகவே திருத்தப்பட்டிருந்தன. நாலாவது பிரிவில் ஓரிடத்தில் மட்டும் சொல் மாற்றப்பட்டிருந்தது. எங்கள் பிரதியில், தேயிலை வாரியம் அறிவிக்கும் அந்த மாதத்துச் சராசரி விலைக்குக் ‘குறையாமல்’ தர வேண்டும். வந்த பிரதியில், அந்த விலையின் ‘அடிப்படையில்’ தர வேண்டும். முன்னது விலைக்கு ஒரு தரை போடுகிறது. பின்னதில் தரை இல்லை, கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் அடிப்படை அதுதான் என்று வாதாடலாம். பக்கம் பக்கமாகக் கண்ணால் படித்திருந்தால் வாசிக்க இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடும்.

இது வரைக்கும் Compare கெட்டிக்காரன். அதே வரைவில் அதற்குத் தெரியாத ஒன்றும் இருந்தது.

எங்கள் பிரதியில் ஐந்தாவது பிரிவு பணம் தரும் நாள், ஆறாவது ஈர இலைக்கான பிடித்தம். ஒன்பதாவது பிரிவு சொல்வது: பிரிவு 6-இல் உள்ள பிடித்தம் தவிர வேறு எந்தப் பிடித்தமும் கூடாது. மழைக்காலத்தில் எங்களுக்கு இருக்கும் ஒரே காப்பு அதுதான். வண்டிப் பாரா ஐந்தாவது பிரிவாக உள்ளே வந்ததும், தானியங்கி எண்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. பணம் தரும் நாள் ஆறு, ஈரப் பிடித்தம் ஏழு, காப்புப் பிரிவு பத்து. ஆனால் அதற்குள் கையால் அடித்த ‘பிரிவு 6’ அப்படியே நின்றது. இப்போது அது காட்டுவது பணம் தரும் நாளை. அந்த வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதால் ஒப்பீட்டில் அது சுத்தமாக வெள்ளையாக இருந்தது. வரியின் பொருள்தான் மாறிப்போயிருந்தது.

அதனால் ஒப்பீட்டைப் பார்த்து முடித்த பிறகு, குறிகள் இல்லாத புதுப் பிரதியைத் திறந்து Ctrl+F போட்டு ‘பிரிவு’ என்று தேடுவேன். வரும் ஒவ்வொரு இடத்திலும் அந்த எண் எதைக் காட்டுகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ‘அட்டவணை’, ‘மேற்கண்ட’ என்பவற்றுக்கும் இதே தேடல்தான். நாங்களே தயாரிக்கும் வரைவில் இப்போது எண்ணைக் கையால் அடிப்பதில்லை. References-இல் Cross-reference வழியாகப் போட்டு, கடைசியில் Ctrl+A, F9 அடித்தால் எண்கள் தானே திருந்திக்கொள்ளும்.

இன்னொரு தொந்தரவு, பாராவை இடம் மாற்றி, கூடவே கொஞ்சம் திருத்தினால் வருவது. Compare சில நேரம் அதை நகர்த்தியதாகக் காட்டாமல், ஓரிடத்தில் முழுசாக அடித்து, இன்னோரிடத்தில் முழுசாகச் சேர்த்ததாகக் காட்டும். அடிபட்ட பாராவையும் வந்த பாராவையும் தனித்தனிக் கோப்பில் ஒட்டி, அந்த இரண்டை மட்டும் மறுபடி ஒப்பிட்டால் உள்ளே மாறிய சொல் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

தமிழுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. ஒரு தரப்பு பழைய பாமினி எழுத்துருவிலும் மறு தரப்பு யூனிகோடிலும் அடித்திருந்தால் மொத்த ஆவணமும் மாறியதாகத்தான் வரும், ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டும் யூனிகோடாகவே இருந்தும் ‘கொழுந்து’ அடிபட்டு, பக்கத்திலேயே ‘கொழுந்து’ சேர்ந்து நிற்கும் நாளும் வரும். ஒன்றில் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும், மற்றதில் இரண்டு குறியீடாகவும் பதிவாகியிருப்பதுதான் காரணம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒகரமும் ஓகாரமும் வரும் சொற்கள் மட்டும் திரும்பத் திரும்பச் சிவந்தால் இதுதான் என்று புரிந்துகொள்ளலாம். இரண்டு கோப்பையும் ஒரே எழுத்துரு மாற்றியில் ஓட்டி எடுத்த பிறகு ஒப்பிடுகிறேன்.

விலைப்பட்டியலைப் படமாக ஒட்டி அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் எண்களை Compare படிக்காது. அப்படி வந்தால் அட்டவணையாக அடித்து அனுப்பச் சொல்லித் திருப்பிவிடுவேன். முத்திரைத்தாளில் அச்சடித்து வருவதற்கும் இது உதவாது. அதற்கு நானும் குழுத் தலைவர் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வோம். ஒருவர் ஒத்துக்கொண்ட பிரதியை எண்ணோடு சத்தமாகப் படிக்க, மற்றவர் தாளில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவார். முக்கால் மணி நேரம் பிடிக்கும்.