ஆறு பேர் விருந்தா, இரண்டு பேர் காபியா?

டேட்டிங் ஆப்பில் மேட்ச் ஆகி ஒரு மாதம், நேரில் நாலைந்து சந்திப்பு. "எப்பதான் கண்ணுல காட்டுவே?" என்று நண்பர்கள் நச்சரிக்கத் தொடங்கும் நேரம் இதுதான். சென்னையில் ஆளை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்த மூன்று வழிகளை நான் முயன்று பார்த்திருக்கிறேன்: மொத்தக் கும்பலோடும் ஹோட்டலில் இரவுச் சாப்பாடு, பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு நடை, இரண்டு பேரோடு மட்டும் காபி. மூன்றும் ஒரே ஆளை வைத்து அல்ல. எண்ண வேண்டாம்.

கும்பல் சாப்பாட்டில் ஒரு வசதி, எல்லோருக்கும் ஒரே நாளில் காட்டி முடித்துவிடலாம், யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆனால் நீள மேசையில் புதியவர் பேச முடிவது பக்கத்தில் இருவர், எதிரே ஒருவர், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பேச்சு கல்லூரி விடுதிக் கதைக்குப் போய்விடும். எங்கள் வார்டன் கதைக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, நான் கூட்டிப்போனவர் மெதுவாகச் சிரித்தார். அப்படித் தாமதமாக ஒரு சிரிப்பு வந்தாலே, ஆள் தனியாகிவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். கடைசியில் பில் வந்தது. நாங்கள் எப்போதும் பங்கு போட்டு ஜிபேயில் அனுப்பிவிடுவோம். அது தெரியாமல் அவர் ஏழு பேருக்கும் தானே கட்டுகிறேன் என்று கார்டை நீட்ட, "ஓவரா சீன் போடுறாரோ?" என்று ஒருத்தி என் காதில் கேட்டாள். தப்பு அவர்மேல் இல்லை. பில் பழக்கத்தை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

கடற்கரை நடையில் பில் தொல்லை இல்லை. ஷ்மிட் நினைவிடத்தின் அருகே கூடலாம். பக்கவாட்டில் நடப்பதால் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஆளும் மாறி மாறிப் பேசலாம். கூச்ச சுபாவக்காரருக்கு இது நல்லது. ஆனால் வீட்டுக்கு இன்னும் சொல்லாதவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள். மாலையில் அங்கே உங்கள் சித்தப்பாவும் நடக்க வந்திருப்பார்.

என் ஓட்டு காபிக்குத்தான். காரணம், இரண்டு பேரைத் தயார்படுத்த முடியும். ஆறு பேரை முடியாது. ஒருத்தி நிறையக் கேள்வி கேட்பவள், இன்னொருத்தி அமைதியானவள் என்று தேர்ந்தெடுத்தேன். ஞாயிறு நாலரை மணிக்குச் சந்திப்பு. ஆறரை மணிப் படத்துக்கு எனக்கும் மேட்சுக்கும் டிக்கெட் போட்டிருந்ததால், கிளம்பச் சாக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

தயாரிப்பை அவரிடமிருந்து தொடங்கினேன். "உங்களைப் பத்தி எதை முன்னாடியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" என்று கேட்டேன். வேலையை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிப்பதைச் சொல்லிவிடச் சொன்னார், ஒவ்வொரு முறையும் விளக்கி அலுத்துவிட்டதாம். நின்றுபோன நிச்சயதார்த்தத்தைப் பற்றி வேண்டாம், அதைத் தானே ஒருநாள் சொல்வதாகச் சொன்னார். அப்புறம் தோழிகளுக்குத் தனித்தனியாக போன் போட்டேன். க்ரூப்பில் போட்டால் மீம் ஆகிவிடும். வேலை பற்றிக் குடைய வேண்டாம், கல்யாணம் எப்போது என்ற பேச்சு வேண்டாம், "நீங்க என்ன ஆளுங்க?" கூடவே கூடாது, போட்டோ எடுத்தாலும் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது. நான்கே விஷயம்தான், அதற்கு மேல் சொன்னால் நேர்முகத் தேர்வுபோல விறைத்துவிடுவார்கள்.

இவ்வளவு செய்தும் ஓர் ஓட்டை இருந்தது. முதல் வாரத்தில் எங்கள் சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அந்தக் கேள்விக்காரிக்கு அனுப்பியிருந்தேன். காபி வந்து இரண்டு வாய் குடித்திருப்போம். "பூனைக்குட்டிக்குப் பயந்து மாடிக்கு ஓடினது நீங்கதானே?" என்றாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பூனைக் கதை சின்ன விஷயம்தான், ஆனால் வேறு எதையெல்லாம் அவள் படித்திருப்பாள் என்ற கணக்கு அந்தப் பார்வையில் இருந்தது. படம் தொடங்கும் முன், அனுப்பியது எவ்வளவு என்று போனைத் திறந்து காட்டினேன். நிச்சயதார்த்த விஷயம் அதில் இல்லை என்று பார்த்த பிறகுதான் பாப்கார்ன் வாங்கப் போனார். நண்பர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை மேட்சிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது.

தோழிகளின் கருத்தை அன்றிரவே கேட்கவில்லை. சந்தித்த சூட்டில் வருவது வெறும் விமர்சனம். மறுநாள் கேள்விக்காரியிடம், "அவர் எப்படி?" என்று கேட்காமல், "அவர் பக்கத்துல நான் எப்படி இருந்தேன்?" என்று கேட்டேன். "அவரைப் பேசவே விடாம நீயே பதில் சொல்லிட்டு இருந்தே" என்றாள். அது உண்மை.

அவரிடமும் கேட்டேன். பூனையை மறந்துவிட்டார். "அந்த இன்னொருத்தங்க ஒரு வார்த்தைகூடப் பேசலையே, என்னைப் பிடிக்கலையா?" என்றார். அவள் யாரிடமும் முதல் நாள் பேசமாட்டாள். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.