சி.ரி. 100ஆ, எப்.இசட்டா? வாங்குவது எந்த "நான்"?

திருகோணமலையில் வேலைக்குச் சேர்ந்த பெடியன் முதல் மோட்டார் சைக்கிள் எடுக்கப்போகிறான் என்றால், பேச்சு பல வீடுகளில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். "பஜாஜ் சி.ரி. 100 எடு தம்பி, பெற்றோல் மிச்சம்" என்பார் அப்பா. "எடுக்கிறதுதான் எடுக்கிறாய், யமஹா எப்.இசட்டா எடு மச்சான்" என்பான் கூட்டாளி. ஒன்று 100 சி.சி. வகை, மற்றது 150 சி.சி. வகை. விலை, பெற்றோல், உதிரிப்பாகம் பற்றி யாரிடமும் கேட்டு அறியலாம். நான் இங்கே ஒப்பிடுவது வேறொன்றை: வாங்குபவனுக்குள் இருக்கும் எந்த "நான்" எதைத் தேர்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். ஆளின் குணத்தைப் பார்த்தே அவன் எடுக்கப்போகும் பிராண்டைச் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். 1959இல் அமெரிக்காவில் எவன்ஸ் என்ற ஆய்வாளர் போர்ட் கார்க்காரர்களையும் செவ்ரலே கார்க்காரர்களையும் ஆளுமைச் சோதனைக்கு உட்படுத்திப் பார்த்தார். குணத்தை மட்டும் வைத்து யார் எந்தக் கார் என்று சரியாகச் சொல்ல முடிந்தது 63 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். ஆகவே "அவன் துணிச்சல்காரன், எப்.இசட்தான் எடுப்பான்" என்ற கணிப்பு அவ்வளவு தூரம் போகாது. ஒருவர் தன்னைப் பற்றித் தானே என்ன நினைக்கிறார், என்னவாக ஆக விரும்புகிறார் என்பதைப் பார்ப்பது இன்னும் பயனுள்ள வழி. 1982இல் ஜோசப் சேர்ஜி என்ற ஆய்வாளர், தன்னைப் பற்றிய நினைப்புக்கும் வாங்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியபோது முன்வைத்ததும் இதைத்தான்: பிராண்டின் பிம்பமும் தன்னைப் பற்றிய பிம்பமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதே கேள்வி.

சரி, ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். கற்பனை ஆள்தான். வயது 24, நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு வேலை, வீடு உப்புவெளியில். நான்கு குணங்களுக்கு 1 முதல் 7 வரை புள்ளி போடச் சொல்கிறோம்: நம்பிக்கையானவன், துணிச்சல்காரன், சிக்கனமானவன், ஸ்டைலானவன். இப்போது தான் எப்படி என்று கேட்டால் 6, 3, 6, 3 என்கிறான். எப்படி ஆக ஆசை என்றால் 6, 6, 4, 6. அப்புறம் அதே நான்கு குணங்களில் வண்டிகளுக்கும் புள்ளி கேட்கிறோம். சி.ரி. 100க்கு 6, 2, 7, 2. எப்.இசட்டுக்கு 5, 6, 3, 6.

இனி வித்தியாசங்களைக் கூட்டினால் போதும். இப்போதைய அவனுக்கும் சி.ரி. 100க்கும் இடைவெளி 3, எப்.இசட்டுக்கு 10. ஆக விரும்பும் அவனுக்கும் சி.ரி. 100க்கும் 11, எப்.இசட்டுக்கு 2. ஆக, இரண்டு வண்டியும் அவனுக்குப் பொருந்துகின்றன, ஆனால் இரண்டு வேறு "அவன்"களுக்கு. இந்த இரண்டு "அவன்"களுக்கும் நடுவே இருக்கும் தூரம் 8. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த 8தான்.

2011இல் மலேர் என்பவரும் மூன்று ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு, பிராண்டோடு மனம் ஒட்டிக்கொள்வதை எது அதிகம் தீர்மானிக்கிறது என்று பார்த்தது. மொத்தத்தில் இப்போதைய நானோடு பொருந்துவதே வலுவானது என்று கண்டார்கள். அவர்கள் தரும் காரணம் எளிமையானது: இப்போதைய நான் மனதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆக விரும்பும் நான் எட்டத்தில் இருக்கிறது. ஆனால் இது எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. அந்தப் பொருளில் ஆழமாக ஈடுபடுபவர்களிடம் இப்போதைய நானின் பலம் கூடுகிறது. தன்மதிப்புக் குறைந்தவர்களிடம் ஆக விரும்பும் நானின் இழுவை கூடுகிறது. மாதாமாதம் லீசிங் கட்டி எடுக்கிற வண்டி சோப்புக் கட்டி மாதிரி யோசிக்காமல் எடுக்கிற பொருள் இல்லை. ஆகவே என் கணிப்பில் நெடுநாள் பற்றுக்கு சி.ரி. 100 பக்கமே எடை அதிகம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வு பார்த்தது மனம் ஒட்டுவதை. கடையில் கையெழுத்துப் போடும் நிமிடம் வேறு. அந்த நிமிடத்தில் எப்.இசட் ஜெயிக்கலாம். டச்பே கடற்கரையில் பின்னேரம் வரிசையாக நிற்கும் பைக்குகளுக்கு நடுவே தன்னையும் நிறுத்திப் பார்ப்பது இனிமையான கற்பனைதான். விக்லண்ட், கோல்விட்சர் என்ற இருவர் 1982இல் சொன்னது இங்கே பொருந்தும்: ஒரு அடையாளத்துக்கு உரிய நிஜமான சான்று கையில் குறைவாக இருப்பவர்கள், அதன் சின்னங்களை அதிகம் தேடுகிறார்கள். துணிச்சலான காரியம் எதுவும் இன்னும் செய்யாதவனுக்குத் துணிச்சலான வண்டி அதிகம் தேவைப்படுகிறது.

அதற்காக எப்.இசட் தவறான தேர்வு என்று நான் சொல்லவில்லை. அதே பெடியன் மே முதல் செப்டெம்பர் வரையான சீசனில், வார இறுதிகளில் நிலாவெளியில் உல்லாசப் பயணிகளைப் புறாத்தீவுக்குக் கூட்டிப்போகும் வேலையில் இறங்கிவிட்டான் என்று வையுங்கள். புது ஆட்களோடு பேசுகிறான், ஆங்கிலம் பழகுகிறான். இப்போது துணிச்சல் 3இலிருந்து 5 ஆகிறது, ஸ்டைல் 4 ஆகிறது. பழைய 8 இப்போது 5. இப்போதைய அவனுக்கும் எப்.இசட்டுக்கும் இருந்த 10, 7 ஆகிறது. சி.ரி. 100க்கு இருந்த 3, 6 ஆகிவிட்டது. இரண்டும் கிட்டத்தட்ட சமம், ஆக விரும்பும் அவனோ முழுக்க எப்.இசட் பக்கம். இப்படியானவனை எப்.இசட் எடுக்க வேண்டாம் என்று தடுக்க எனக்கு மனம் வராது.

இடைவெளி குறையாமல் அப்படியே கிடந்தால்தான் சிக்கல். ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் 1987இல் எழுதியபடி, இருக்கும் நானுக்கும் விரும்பும் நானுக்கும் உள்ள தூரம் ஏமாற்றத்தையும் சோர்வையும் தருகிறது. அவர் இன்னொரு நானையும் சொல்கிறார்: எப்படி இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்க்கும் நான். அதற்கும் நமக்கும் உள்ள தூரம் தருவது பயமும் பதற்றமும். எங்கள் ஊரில் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. யாருடைய வண்டி எந்த ஒழுங்கைக்குள் நிற்கிறது என்று ஊருக்கே தெரியும். "பொறுப்பான பிள்ளை" என்று அம்மா சொல்லிச் சொல்லி, சிக்கனத்துக்கு அவன் போட்ட 6 அவனுடையதா, அம்மாவுடையதா? பலர் இப்போதைய நான் என்று எழுதுவது வீடு எதிர்பார்க்கும் நானைத்தான் என்பது என் சந்தேகம். கண்டுபிடிக்க ஒரு வழி, எடுத்த பிறகு வரும் உணர்வைக் கவனிப்பது. எப்.இசட்டில் போகும்போது "இன்னும் நான் அப்படி ஆகவில்லையே" என்ற சோர்வு வந்தால் அது ஒன்று. "அப்பா பார்த்துவிடுவாரோ" என்ற படபடப்பு வந்தால் அது வேறு.

இந்தக் கணக்குக்கு ஒரு பலவீனமும் உண்டு. குணங்களைத் தேர்ந்தவன் நான், அவனல்ல. அவனுக்கு ஸ்டைல் ஒரு பொருட்டே இல்லாவிட்டால் அந்த வித்தியாசத்தைக் கூட்டுவதில் அர்த்தமில்லை. அதனால் 1997இல் சேர்ஜி குழுவினர் நேரடியாகக் கேட்கும் முறையை முன்வைத்தார்கள்: இந்த வண்டியை வழக்கமாக ஓட்டுபவரை மனதில் நினைத்துக்கொள், அவர் உன்னைப் போலவா? அதோடு, வண்டி எடுத்தவர்களிடம் கேட்டால் பதில் சாய்ந்துவிடும். எடுத்த பிறகு தன் வண்டி தன்னைப் போல இருப்பதாக நினைப்பது மனித இயல்பு. கேட்பதானால் முற்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். மார்கழி மழையில், யாரும் பார்க்காத காலையில், சோற்றுப் பார்சலோடு கடைக்குப் போகும் காட்சியையும் டச்பே பின்னேரத்தையும் தனித்தனியாகக் கேட்பேன். மழைக்காட்சியிலும் அவனுக்கு எப்.இசட்தான் வேண்டுமென்றால், என் கூட்டல் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அவன் சொல்வதையே எடுத்துக்கொள்வேன்.