பெட்டியில் 180 ஹெர்ட்ஸ், மேசையில் 60: மானிட்டர் வாங்குறவங்க உஷார்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கேமிங் மானிட்டர் வாங்கப் போறவங்களுக்காக இதை எழுதுறேன். கடைப் பேரைப் போடல. இது ஒரு கடையோட வேலை மட்டும்னு நினைச்சு மத்த கடையில அசந்துடக் கூடாது.

கொடுங்கையூர்ல இருக்குற அக்கா பையனுக்காக 27 இன்ச் மானிட்டர் வாங்கினோம். 2560×1440 ரெசல்யூஷன், 180 ஹெர்ட்ஸ்னு பெட்டியிலயே பெரிசா போட்டிருந்தது. நொடிக்கு 180 தடவை திரையில படம் மாறும்னு அர்த்தம். விலை சுமார் 18,000 ரூபாய். "டெஸ்ட் பண்ணிக் குடுக்குறோம்"னு கடையிலயே பெட்டியைப் பிரிச்சாங்க. கடைப் பையனே வீட்டுக்கு வந்து மாட்டிக் குடுத்தான். படம் வந்தது, கலர் நல்லா இருந்தது, கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பிட்டான். அன்னைக்கு ராத்திரியே பையன் போன் பண்ணி, "மாமா, பழைய மானிட்டருக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல"ன்னான்.

அவன் சொன்னது சரிதான். விண்டோஸ் 11-ல Settings, System, Display, Advanced display வரைக்கும் போனா Choose a refresh rate-னு ஒரு பட்டியல் இருக்கும். அதுல 60-க்கு மேல எதுவுமே இல்ல. இந்த இடத்தைத்தான் எல்லாரும் முதல்ல பார்க்கணும். அங்கேயே Active signal mode-னு ஒரு வரி வரும். மானிட்டருக்கு நிஜமா எந்த வேகத்துல சிக்னல் போகுதுன்னு அதுதான் சொல்லும். மானிட்டரோட சொந்த மெனுவிலும் தகவல் பக்கம் ஒண்ணு இருக்கும். இந்த ரெண்டு எண்ணும் ஒத்துப் போகணும்.

சிபியு பின்னாடி எட்டிப் பார்த்தா விஷயம் புரிஞ்சது. கேபிளைக் கிராபிக்ஸ் கார்டுல மாட்டாம, மேல மதர்போர்டுல இருக்குற எச்டிஎம்ஐ ஓட்டையில மாட்டிட்டுப் போயிருக்கான். அது பழைய போர்டு, அந்தப் போர்ட் எச்டிஎம்ஐ 1.4. இந்த ரெசல்யூஷனுக்கு அது 60, மிஞ்சிப்போனா 75 ஹெர்ட்ஸ் தரும். காசு குடுத்து வாங்கின கிராபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அடையாளம் சுலபம்: கிராபிக்ஸ் கார்டோட ஓட்டைகள் கீழே படுக்கை வரிசையில இருக்கும், மதர்போர்டோடது மேலே யூஎஸ்பி ஓட்டைகள் பக்கத்துல இருக்கும்.

கேபிளைக் கீழே மாத்தினோம். பட்டியல்ல 144 வந்தது. 180 வரல. கடைக்குப் போன் போட்டா, "அண்ணே, அது விண்டோஸ் ப்ராப்ளம். ஒரு டிரைவர் போட்டா வந்துரும்"னாங்க.

எந்த டிரைவர் போட்டாலும் வராது. கணக்குப் போட்டுப் பாருங்க. 2560-ஐ 1440-ஆல பெருக்கினா ஏறக்குறைய 37 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட். நொடிக்கு 180 தடவை அனுப்பினா கிட்டத்தட்ட 15.9 கிகாபிட் ஆகுது. எச்டிஎம்ஐ 2.0-ஓட மொத்த வேகம் 18 கிகாபிட்னு சொன்னாலும், படத்துக்குக் கிடைக்குறது 14.4 தான். 144 ஹெர்ட்ஸ் அதுக்குள்ள அடங்கும், 180 அடங்காது. எச்டிஎம்ஐ மாதிரியே டிஸ்ப்ளே போர்ட்னு இன்னொரு வகை இணைப்பு இருக்கு. அதோட 1.4-ல 25.9 கிகாபிட் வரைக்கும் கிடைக்குது, அதனால அதுல தாராளமா ஓடும். பெட்டியோட பக்கவாட்டுல பொடி எழுத்துல அவங்களே அப்படித்தான் போட்டிருந்தாங்க: எச்டிஎம்ஐ-ல 144, டிஸ்ப்ளே போர்ட்ல 180. இந்தப் பொடி எழுத்தைப் படிக்காம யாரும் காசு குடுக்காதீங்க. எச்டிஎம்ஐ 2.1-னு அச்சடிச்சிருந்தாலும் நம்பிடாதீங்க. அந்தப் பேர்ல வர்ற எல்லாப் போர்ட்டும் முழு வேகம் தராது, பழைய 18 கிகாபிட்டோட நின்னுடுறதும் உண்டு. பெட்டியில எந்தப் போர்ட்டுக்கு எத்தனை ஹெர்ட்ஸ்னு தனித்தனியா இருக்கான்னு மட்டும் பாருங்க.

என் கோவம் எல்லாம் இனிமேதான். பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு வெளியில படம் போட்டிருந்தது, அதுல டிஸ்ப்ளே போர்ட் கேபிள் இருக்கு. எங்களுக்கு வந்த பெட்டியில ஒரு மெலிசான, பேரில்லாத எச்டிஎம்ஐ கேபிள்தான் கிடந்தது. நேர்ல போய்க் கேட்டதுக்கு, "அது தனியா வாங்கணும் சார், 900 ரூபா"ன்னார் கல்லாவுல இருந்தவர். பெட்டிப் படத்தைக் காட்டினேன். கம்பெனியில மாடல் மாத்திட்டாங்கன்னார். டெஸ்ட் பண்றேன்னு பிரிச்ச பெட்டியில கேபிள் எங்கே போச்சுன்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லாம அடுத்த கஸ்டமரைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார்.

ஆன்லைன்ல ஒரு கேபிள் வாங்கி, கிராபிக்ஸ் கார்டுல இருந்து மாட்டினோம். 180 பட்டியல்ல வந்தது. வந்தாலும் தானா மாறாது, விண்டோஸ் பல நேரம் 60-லயே உட்கார்ந்திருக்கும், நாமதான் தேர்ந்தெடுக்கணும். கேபிள் வாங்கும்போது ரெண்டு மீட்டருக்கு மேல நீளம் வேண்டாம். 8கே, 16கே-னு மேல எழுதியிருக்குறதை விட்டுட்டு, டிஸ்ப்ளே போர்ட் தரத்தை வகுக்குற VESA அமைப்போட சான்று பெற்றதான்னு பாருங்க. மட்டமான கேபிளா இருந்தா, வேகத்தை ஏத்தினதும் திரை ஒரு நொடி கறுத்துக் கறுத்து வரும், புள்ளி புள்ளியா மின்னும், இல்லேன்னா பட்டியல்ல பெரிய எண்ணே காணாமப் போயிடும். அப்போ மானிட்டரைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி கேபிளை மாத்திப் பாருங்க. லேப்டாப்ல டைப்-சி அடாப்டர் வழியா மாட்டுறவங்க அடாப்டரையும் சந்தேகப்படணும்.

180-னு எண் வந்ததோட நான் நிறுத்தல. சில மட்டமான மானிட்டர் 120 ஹெர்ட்ஸ் சிக்னலை வாங்கிக்கும், மெனுவிலும் 120-னு காட்டும், ஆனா ஒண்ணு விட்டு ஒண்ணு பிரேமைத் தூக்கிப் போட்டுட்டுத் திரையில 60-ஐத்தான் காட்டும். விண்டோஸால இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதுக்கு testufo.com/frameskipping பக்கம் இருக்கு. வரிசையா இருக்குற கட்டங்கள்ல ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு கட்டம் ஒளிரும். வேற எல்லா விண்டோவையும் மூடிட்டு, போன் கேமராவை ப்ரோ மோடுல வெச்சு, ஷட்டரை 1/10 நொடிக்கு வெச்சு, போனை ஆடாமப் பிடிச்சு ஒரு போட்டோ எடுங்க. 180 ஹெர்ட்ஸ்ல அந்த நேரத்துக்குள்ள 18 கட்டம் ஒளிரணும், நடுவுல இடைவெளி இல்லாம ஒட்டி ஒட்டி இருக்கணும். ஒண்ணு விட்டு ஒண்ணு கறுப்பா இருந்தா பிரேம் விழுங்குதுன்னு அர்த்தம். ஆனா ஒரே ஒரு போட்டோவை வெச்சு முடிவு கட்டாதீங்க. கம்ப்யூட்டர் திணறினாலும் இடைவெளி வரும், பக்கம் அதைச் சொல்லும். பல தடவை எடுத்தும் அதே மாதிரி ஒழுங்கான இடைவெளி வந்தாதான் மானிட்டர் மேல தப்பு. எங்களோடது இதுல தேறிடுச்சு. மானிட்டர்ல குறை இல்ல, வித்தவங்ககிட்டதான்.

கேபிள் இல்லாததுக்கு 1915 எண்ணுல, தேசிய நுகர்வோர் உதவி மையத்துல புகார் பதிஞ்சாச்சு. பில், பெட்டிப் படம், பிரிச்ச பெட்டிக்குள்ள இருந்த பொருள்களோட போட்டோ, Active signal mode 60-னு காட்டின திரை போட்டோ எல்லாம் கையில இருக்கு. கடையில இருந்து இன்னும் பேச்சே இல்ல. நீங்க வாங்கப் போனா, பெட்டியைப் பிரிக்கும்போதே போன்ல வீடியோ எடுங்க. "டெஸ்ட்"னு சொன்னாங்கன்னா, டிஸ்ப்ளே போர்ட்ல மாட்டி அந்த Advanced display பக்கத்தைக் கடையிலயே திறந்து காட்டச் சொல்லுங்க, அதுக்கப்புறம் காசை எடுங்க.